கண்ணுக்குக் குறுக்கே பறந்த முடியை எடுப்பது எப்படி?

கேள்வி: வெளியில் எடுத்த போர்ட்ரெய்ட். சிரிப்பு சரியாக அமைந்தது இந்த ஒரு ஷாட்டில்தான். ஆனால் காற்றில் முடி பறந்து கன்னம், மூக்கு, ஒரு கண் என்று குறுக்கே விழுந்திருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ்ஷால் தேய்த்தால் கண்ணருகே கலங்குகிறது, கன்னம் மெழுகு பூசியது போல ஆகிவிடுகிறது. முன்னும் பின்னும் எடுத்த ஷாட்கள் இருக்கின்றன. எப்படிச் சரிசெய்வது? அடுத்த முறை எடுக்கும்போதே தவிர்க்க முடியுமா?

பதில்:

கன்னத்துக்கு ஹீலிங் பிரஷ், உதடு, இமை போன்ற விளிம்புகளுக்குக் குளோன் ஸ்டாம்ப், கண்ணுக்குப் பக்கத்து ஷாட். மூன்றையும் ஒரே கருவியால் முடிக்கப் பார்த்ததால்தான் கலங்கியிருக்கிறது. பக்கத்து ஷாட்கள் கையில் இருப்பது பெரிய வசதி. கண்ணைப் பொறுத்தவரை அதைவிட நல்ல வழி வேறு இல்லை.

முதலில், ஏன் கலங்குகிறது என்று பார்த்துவிடலாம். ஹீலிங் பிரஷ் நீங்கள் காட்டிய இடத்திலிருந்து தோலின் நுண்வடிவத்தை, அதாவது துளைகளையும் வரிகளையும் எடுத்துக்கொள்கிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும் அங்கிருந்து எடுப்பதில்லை. பிரஷ் தீட்டிய பகுதியின் ஓரத்தைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதிலிருந்து எடுத்து உள்ளே நிரவுகிறது. சுற்றிலும் தோல் மட்டும் இருந்தால் இது அற்புதமாக வேலை செய்யும். ஓரத்தில் ஒரு இமைமுடியோ, மூக்குத்துளையின் கருமையோ, எடுக்காமல் விட்ட இன்னொரு முடியோ தொட்டால் அந்தக் கருப்பும் உள்ளே கசிந்து அழுக்குப் புகையாகப் படியும். கண்ணருகே நீங்கள் பார்த்த கலங்கல் அதுதான்.

ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பிரஷ் அளவுகள் புரியும். 24 மெகாபிக்சல் படம், அதில் நெற்றி முடிவரம்பிலிருந்து தாடை வரை சுமார் 1,800 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அந்த நீளம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். ஆக, ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து பிக்சல். தலைமுடி ஒன்றின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியானால் ஒற்றை முடி இந்தப் படத்தில் ஒரு பிக்சல் அகலம், லென்ஸின் மென்மையையும் சேர்த்தால் இரண்டு. உங்கள் கண்ணை உறுத்தும் ஐந்தாறு பிக்சல் கோடுகளெல்லாம் மூன்று நான்கு முடிகள் ஒட்டிப் பறக்கும் கற்றைகள். அவற்றுக்கு எட்டு முதல் பத்து பிக்சல் பிரஷ் போதும். நாற்பது பிக்சல் பிரஷ்ஷை எடுத்தால் முடியை எடுப்பதற்காக அதன் இருபுறமும் நல்ல தோலை அழிக்கிறீர்கள். கன்னம் மெழுகாக மாறுவதன் முதல் காரணம் இது.

எதை எடுப்பது, எதை விடுவது

வேலையைத் தொடங்கும் முன் மேலே ஒரு காலி லேயர் போட்டு, எடுக்கவேண்டிய முடிகளை மட்டும் சிவப்புப் பிரஷ்ஷால் கோடிட்டுக்கொள்ளுங்கள். இதை 100% ஜூமில் செய்யாதீர்கள். படம் முழுவதும் திரையில் தெரியும் அளவில் செய்யுங்கள். ஜூம் செய்து பார்த்தால் எல்லா முடியும் குற்றவாளியாகத் தெரியும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தலைமுடி பறந்துகொண்டிருக்கும், முகத்தருகே மட்டும் ஒரு இழைகூட இருக்காது. அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பொய் என்று தெரிந்துவிடும்.

கண், உதட்டுக்கோடு, மூக்கின் நுனி ஆகியவற்றைக் குறுக்கே வெட்டும் முடிகள் கட்டாயம் போகவேண்டும். முகத்தின் வெளிக்கோட்டை ஒட்டி, நெற்றிப்பொட்டிலிருந்து கன்னத்தின் ஓரமாக வளைந்து இறங்கும் முடிகள் பெரும்பாலும் இருக்கலாம். அவைதான் காற்றைச் சொல்பவை. இடையில் கன்னத்தின் நடுவே கிடப்பவற்றில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் முடிகளை எடுங்கள். ஒரே திசையில் ஓடுபவை இரண்டு மூன்று இருந்தால் ஒன்றை விட்டு வையுங்கள்.

சிவப்புக் கோடு போடும்போது ஒவ்வொரு முடியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு மேலே இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, கன்னத்துக்கு வெளியே பின்னணியில் நீளும் மிச்சத்தை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. கன்னத்தின் விளிம்பில் துண்டாகத் தொங்கும் அந்த முடிதான் திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு முடியை எடுத்தால் வேர்ப்பக்கம் அது மற்ற முடிகளோடு கலக்கும் இடம் வரை எடுக்கவேண்டும். பாதியில் நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் இன்னொரு முடியின் அடியில் மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

கன்னம்

படத்தின் மேல் புதிய காலி லேயர் ஒன்றைப் போடுங்கள். ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து மேல்பட்டையில் Sample என்பதை Current & Below என்று வையுங்கள். அங்கேயே உள்ள Diffusion அளவை 3 அளவுக்கு இறக்குங்கள். அது அதிகமாக இருந்தால் ஒட்டப்பட்ட பகுதி சுற்றுப்புறத்தோடு கலப்பது மென்மையான பரப்புகளுக்கு ஏற்றதாக அமையும். துளைகள் தெரியும் தோலுக்குக் குறைந்த அளவே நல்லது. இப்படிச் செய்யும் திருத்தமெல்லாம் காலி லேயரில்தான் விழும். பிடிக்காத இடத்தை அழிப்பானால் அழித்தால் பழைய தோல் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

மாதிரி எடுக்கும் இடம் முக்கியம். Alt பிடித்துக் கிளிக் செய்யும் புள்ளி முடிக்கு மிக அருகில், அந்த முடிக்கு இணையான வரியில் இருக்கட்டும். நிறத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும், ஆனால் துளைகளின் அளவை அது பார்த்துக்கொள்ளாது. மூக்கருகே துளைகள் பெரியவை, காதுப்பக்கம் நகர நகரச் சிறிதாகி, அங்கே பூனைமுடி தெரியத் தொடங்கும். காதோரத் தோலை மூக்கோரத்தில் ஒட்டினால் நிறம் பொருந்தியும் அந்த இடம் வழுக்கையாகத் தெரியும். முடி நீளமாக ஓடினால் ஒரே இழுப்பில் தீட்டாமல் துண்டு துண்டாக எடுங்கள். ஒரு கிளிக், Shift பிடித்துச் சற்றுத் தள்ளி இன்னொரு கிளிக். இரண்டுக்கும் இடையே நேர்கோடு விழும். முடி வளையும் இடத்தில் கோட்டைச் சிறிதாக்கி, மாதிரியையும் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திருத்திய இடத்திலிருந்தே மறுபடி மாதிரி எடுப்பது மெழுகுத் தோலுக்கு இரண்டாவது காரணம். ஒவ்வொரு நகலிலும் நுண்வடிவம் கொஞ்சம் மழுங்கும், மூன்று நான்கு தடவையில் தோல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

சில இடங்களில் ஹீலிங்கைவிடக் குளோன் ஸ்டாம்ப்பின் Mode-ஐ Lighten என்று மாற்றிக்கொள்வது நல்ல பலன் தரும். அப்போது மாதிரியைவிடக் கருமையாக உள்ள பிக்சல்கள் மட்டும்தான் மாறும். கருப்பு முடி மறையும், அதன் இருபுறமும் உள்ள வெளிச்சமான தோல் தொடப்படாது. வெயில் பின்னாலிருந்து வந்து முடி பொன்னிறமாக மின்னினால் கதை தலைகீழ். அங்கே Darken வேண்டும். ஒரே முடி வெயில் படும் கன்னத்தில் கருப்பாகவும், நிழல் பக்கம் வந்ததும் வெளிச்சக் கோடாகவும் தெரிவதுண்டு. அது நிறம் மாறும் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே பிரஷ்ஷின் Mode-ஐயும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி நிழல். நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான். நேர் வெயிலில் எடுத்த படத்தில் கன்னத்தில் கிடக்கும் ஒவ்வொரு கற்றைக்கும் பக்கத்தில், வெயிலுக்கு எதிர்ப்புறமாக, இன்னொரு பழுப்புக் கோடு இருக்கும். முடியை எடுத்துவிட்டு அதை விட்டால் கன்னத்தில் பழைய கீறல் போல ஒரு தடம் நிற்கும். எந்த முடிக்கு நிழல் இருக்கும், எதற்கு இருக்காது என்பதை ஊகிக்கலாம். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் சுமார் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் ஒற்றை முடியின் அடர்நிழல் முடியிலிருந்து முக்கால் சென்டிமீட்டர் தூரத்துக்குள் தீர்ந்துபோகிறது, அதற்கு அப்பால் வெறும் மங்கல்தான். தோலை ஒட்டிக் கிடக்கும் முடிக்கு நிழல் கூர்மையாக, முடியைத் தொட்டபடி இருக்கும். கன்னத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பறக்கும் ஒற்றை முடிக்குத் தேடினாலும் கிடைக்காது. தடித்த கற்றைக்கு மட்டும் அந்தத் தூரத்திலும் ஒரு மங்கலான பட்டை விழும். அது கற்றையை விட்டு விலகி, சில சமயம் மூக்கின் மறுபக்கத்தில்கூட விழுந்திருக்கும்.

கூர்மையான நிழலை முடியோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் பிரஷ்ஷை இரண்டும் அடங்கும் அகலத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மங்கலான பட்டைக்கு ஹீலிங் தேவையில்லை. அடியில் தோல் முழுசாக இருக்கிறது, வெளிச்சம்தான் குறைவு. ஒரு Curves லேயர் போட்டு நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி, மாஸ்க்கைக் கருப்பாக்கி, மென்மையான பிரஷ்ஷை 5% Flow-வில் வைத்து அந்தப் பட்டையின் மேல் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டினால் பக்கத்துத் தோலோடு சமமாகிவிடும். துளைகள் அப்படியே இருக்கும்.

உதடு, மூக்குத்துளை, இமை விளிம்பு

முடி ஒரு விளிம்பைக் குறுக்கே கடக்கும் இடத்தில் முதலில் விளிம்பைக் கட்டுங்கள், இருபக்கத் தோலை அப்புறம் பாருங்கள். உதட்டுக்கோட்டை எடுத்துக்கொள்வோம். குளோன் ஸ்டாம்ப்பின் Hardness 60 முதல் 70%, அளவு முடியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உதட்டுக்கோட்டின் மேலேயே, முடிக்குப் பக்கத்தில், சரியாகக் கோட்டின் நடுவில் Alt கிளிக். பிறகு அதே கோட்டின் மேல் நகர்ந்து முடி வெட்டும் இடத்தில் ஒரே ஒரு அழுத்தம். மாதிரி எடுக்கும்போது பிரஷ்ஷின் நடுப்புள்ளி கோட்டின் மேல் இருந்தால் ஒட்டும்போதும் அப்படியே இருக்கவேண்டும். ஒரு பிக்சல் மேலே கீழே போனால் கோட்டில் படி தெரியும். அது கன்னத்தில் விட்ட முடியைவிட மோசம்.

கோடு இணைந்த பிறகு இருபக்கமும் ஹீலிங் பிரஷ் போடலாம், ஆனால் வேலி போட்டுக்கொண்டு. லாஸோவால் தோல் பகுதியை மட்டும், திருத்தவேண்டிய இடத்தைவிடப் பெரிதாக, ஆனால் உதட்டின் விளிம்பைத் துல்லியமாக ஒட்டித் தேர்வு செய்யுங்கள். அந்தத் தேர்வுக்குள் ஹீலிங் பிரஷ் தீட்டினால் வெளியே உள்ள உதட்டின் சிவப்பு உள்ளே கசியாது. கன்னத்தின் வெளிக்கோடு பின்னணியைச் சந்திக்கும் இடத்திலும், மூக்குத்துளை ஓரத்திலும் இதே வேலிதான்.

கண்

இங்கேதான் நிதானம் வேண்டும். பக்கத்து ஷாட்களில் அந்தக் கண் முடியில்லாமல் தெரியும் ஒன்றைத் தேடுங்கள். அதில் சிரிப்பு சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை, வாய் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பார்க்கவேண்டியவை நான்கு: பார்வை ஒரே திசையில் இருக்கிறதா, இமை ஏறத்தாழ அதே அளவு திறந்திருக்கிறதா, கண்ணில் விழும் ஒளிப்புள்ளி அதே இடத்தில் இருக்கிறதா, ஃபோகஸ் அந்தக் கண்ணில் இருக்கிறதா. தலை இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருந்தால் திருப்பிக்கொள்ளலாம். பார்வை விலகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு ஷாட் தேடுங்கள். நன்றாகச் சிரிக்கும்போது கீழிமை மேலே ஏறும், கண் சற்றே சுருங்கும். ஆகவே சிரிக்காத முகத்தின் கண்ணை முழுசாக எடுத்துச் சிரிக்கும் முகத்தில் வைத்தால் ஒரு கண் மட்டும் சிரிக்காது.

இதனால்தான் கண்ணை மாற்றக்கூடாது. முடி மறைத்த கீற்றை மட்டும் கடன் வாங்கவேண்டும்.

இரண்டு ரா ஃபைல்களையும் ஒரே ஒயிட் பேலன்ஸ், ஒரே எக்ஸ்போஷர் அமைப்பில் திறங்கள். கடன் தரும் ஷாட்டில் புருவத்திலிருந்து கண்ணடிப் பை வரை, மூக்குத்தண்டிலிருந்து நெற்றிப்பொட்டு வரை ஒரு செவ்வகத்தை நகலெடுத்து முதல் படத்தின் மேல் ஒட்டுங்கள். தானாகப் பொருத்தும் Auto-Align Layers-ஐ இங்கே நம்பவேண்டாம். தலை மட்டும் அசைந்திருக்கும், பின்னணி வேறு மாதிரி நகர்ந்திருக்கும். அது எதைப் பிடித்துப் பொருத்தும் என்று சொல்ல முடியாது. கையால் பொருத்துவதே சீக்கிரம் முடியும்.

அளவுக்கு ஒரு நம்பகமான அளவுகோல் கண்ணிலேயே இருக்கிறது. பெரியவர்களின் கருவிழி வட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். ஒரே ஆளுக்கு இரண்டு ஷாட்களுக்கு நடுவே அது மாறப்போவதில்லை. மேல்விளிம்பை இமை மறைப்பதால் கிடைமட்டமாக அளக்கவேண்டும். Ruler கருவியால் முதல் படத்தில் அளந்தால் 120 பிக்சல், ஒட்டிய படத்தில் 116 என்று வைத்துக்கொள்வோம். ஆள் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கிறார். 120-ஐ 116-ஆல் வகுத்தால் 1.034, ஆகவே Free Transform-இல் அகலமும் உயரமும் 103.4%. பிறகு ஒட்டிய லேயரின் ஒபாசிட்டியை 50% ஆக்கி, கண்ணின் உள்முனையை உள்முனை மேல் வையுங்கள். சுழல் மையத்தையும் அந்த உள்முனைக்கே நகர்த்தி, வெளிமுனை பொருந்தும் வரை திருப்புங்கள். கடைசிச் சரிபார்ப்புக்கு லேயரை Difference ஆக மாற்றினால் பொருந்திய இடங்கள் கருப்பாகும், பொருந்தாத விளிம்புகள் வெளிச்சக் கோடாக எரியும். இரண்டு முனைகளும் பொருந்தி மேலிமை மட்டும் ஓரிரு பிக்சல் விலகினால் Warp-ஆல் மெல்லத் தள்ளலாம். ஐந்தாறு பிக்சல் விலகினால் அந்த ஷாட் உதவாது.

இப்போது லேயரை Normal, 100%-க்குத் திருப்பி, கருப்பு மாஸ்க் போட்டு மறையுங்கள். வெள்ளைப் பிரஷ்ஷால் முடி ஓடும் பாதையை மட்டும் திறந்துகொண்டே வாருங்கள். தோலின் மேல் 20, 30 பிக்சல் மென்மையான பிரஷ். இமைக்கோடு, கருவிழியின் வெளிவட்டம் ஆகியவற்றைக் கடக்கும் இடங்களில் ஐந்து பிக்சல், ஓரம் சற்றுக் கடினமாக. ஒளிப்புள்ளி முதல் படத்தில் முழுசாகத் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். இல்லாவிட்டால் ஒரே கண்ணில் இரண்டு ஒளிப்புள்ளிகள் வந்து நிற்கும். கீற்று மட்டும் வெளிறியோ கருத்தோ தெரிந்தால் அந்த லேயரோடு மட்டும் இணைத்த ஒரு Curves போட்டுச் சரிசெய்யுங்கள்.

பொருத்தமான ஷாட் ஒன்றுகூட இல்லையென்றால் கையால் கட்டவேண்டியதுதான். 200 அல்லது 300% ஜூமில், வெள்விழி, கருவிழி, இமைக்கோடு, இமைமுடி என்ற வரிசையில் போங்கள். வெள்விழி வெள்ளையல்ல. மேலிமையின் நிழலில் அது சாம்பல், ஓரங்களில் இளஞ்சிவப்பு. மாதிரியை அதே உயரத்திலிருந்து பக்கவாட்டில் எடுங்கள். கருவிழியின் நார்கள் நடுவிலிருந்து வெளியே ஓடுபவை. அதனால் நேராக நகலெடுத்தால் நார்கள் கோணிக்கொள்ளும். முடி வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு துண்டை ஆப்பு வடிவில் தேர்ந்து, Ctrl+J-யால் தனி லேயராக்கி, சுழல் மையத்தைக் கண்பாவையின் நடுவில் வைத்து இருபது முப்பது டிகிரி திருப்பினால் நார்களின் ஓட்டம் கெடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து துண்டு எடுக்கவேண்டாம். ஒளி மேலே இடப்பக்கம் நுழைந்தால் கருவிழியின் கீழ் வலப்பக்கம்தான் வெளிச்சமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே பிரகாசம் அல்ல. மறு கண்ணைப் புரட்டி ஒட்டும் குறுக்குவழியையும் விட்டுவிடுங்கள். ஒளிப்புள்ளி தவறான பக்கம் போய்விடும், முகம் சற்றுத் திரும்பியிருந்தால் இரண்டு கண்களின் அகலமும் வேறு.

இமைமுடியை நெருங்கும்போது எல்லாவற்றையும் எடுக்கத் துடிக்காதீர்கள். தலைமுடி இமைமுடிகளின் ஊடே ஓடும் இடத்தில் அதைச் சுத்தமாகத் துடைத்தால் கூடவே இரண்டு மூன்று இமைமுடிகளும் போய், இமையில் வெற்றிடம் தெரியும். இமைமுடியின் போக்கிலேயே கிடக்கும் ஒரு சின்னத் துண்டை அங்கேயே விட்டு, அதன் நீட்சியை மட்டும் எடுத்தால், மிஞ்சியது இன்னொரு இமைமுடியாகவே தோன்றும். வரைந்துதான் ஆகவேண்டும் என்றால் இரண்டு பிக்சல் பிரஷ், பக்கத்து இமைமுடியிலிருந்து எடுத்த நிறம், வேரிலிருந்து நுனிக்கு ஒரே வீச்சு. நிறம் சுத்தக் கருப்பாக இருந்தால் மை தீட்டியது தெரியும்.

இன்னொரு வகை முடி உண்டு. அகலமான அப்பர்ச்சரில், சொல்லப்போனால் 85 மி.மீ. லென்ஸில் f/1.8 போன்ற அமைப்பில், கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் பறக்கும் கற்றை கோடாகத் தெரியாமல் புகைத்திரையாக விழும். அதன் அடியில் கண் தெரியும், மங்கலாக. இதைக் குளோன் செய்யப்போனால் தெரிவதும் போய்விடும். அந்தப் பட்டைக்கு மட்டும் மாஸ்க் போட்ட Curves-இல், கீழ்முனையைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி இழந்த கான்ட்ராஸ்டைத் திருப்பிக் கொடுங்கள். முடியின் நிறம் ஏறியிருந்தால் Color முறையில் ஒரு காலி லேயர் போட்டு, பக்கத்து நிறத்தை எடுத்து லேசாகத் தீட்டுங்கள். முழுக்கப் போகாது, ஆனால் பார்வை அதில் தடுக்கி நிற்காது.

கண்பாவையும் ஒளிப்புள்ளியும் சேர்ந்து மறைந்து, கடன் வாங்க ஷாட்டும் இல்லாவிட்டால், அந்தப் படத்தைக் கட்டி எழுப்புவதைவிடச் சிரிப்பு சற்றுக் குறைவான வேறு ஷாட்டைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பேன்.

முடித்த பிறகு எல்லாவற்றுக்கும் மேலே கான்ட்ராஸ்டைக் கடுமையாக ஏற்றும் ஒரு Curves லேயரைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். விடுபட்ட நிழல்கள், ஒட்டின் ஓரங்கள், மழுங்கிய தோல் எல்லாம் அதில் வெளியே வரும். அவற்றைத் திருத்திவிட்டு அந்த லேயரை நீக்குங்கள். படத்தை இடவலமாகப் புரட்டியும் ஒருமுறை பாருங்கள். மணிக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கண்களின் ஏற்றத்தாழ்வு அப்போதுதான் படும்.

எடுக்கும்போது

காற்று முதுகுப்பக்கமிருந்து வந்தால் முடி முகத்துக்குத்தான் வரும். ஆளைத் திருப்பி, காற்று முகத்தின் முன்னாலிருந்து, வகிடு உள்ள பக்கமாகச் சற்றுச் சாய்ந்து வரும்படி நிறுத்தினால் முடி பின்னால் போகும். வெளிச்சத்துக்காகவோ பின்னணிக்காகவோ அப்படித் திருப்ப முடியாது என்றால், காற்று வரும் பக்கத்து முடியைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கொண்டை ஊசியால் நிறுத்துங்கள். ஹேர் ஸ்பிரேயை முகத்தருகே நேரடியாக அடிக்கவேண்டாம். உள்ளங்கையில் அடித்து, நெற்றியோரக் குட்டை முடிகளின் மேல் தடவினால் போதும். நீண்ட முடியைப் பலத்த காற்றில் அது பிடித்து நிறுத்தாது.

ஷட்டர் வேகம் 1/500-க்குக் கீழே போகவேண்டாம், காற்று பலமாக இருந்தால் 1/1000. வேகம் குறைந்தால் முடி கோடாக இல்லாமல் இழுபட்ட பட்டையாகப் பதியும். கோட்டை எடுப்பது எளிது, பட்டையை எடுப்பது கடினம். காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. ஒரு வீச்சு வந்து ஓய்ந்ததும் முடி கீழே இறங்கும் ஓரிரு நொடிகள் கிடைக்கும். அந்த இடைவெளியில் பர்ஸ்ட்டை ஓடவிடுங்கள்.

நல்ல ஷாட் கிடைத்துவிட்டது என்று தோன்றிய உடனே, ஆளையோ கேமராவையோ நகர்த்தாமல், முடியை யாராவது பின்னால் பிடித்துக்கொள்ள, இன்னும் இரண்டு மூன்று ஷாட் எடுத்து வையுங்கள். பிடிக்கும் கை ஃபிரேமுக்குள் வந்தாலும் கவலையில்லை, கையின் நிழல் மட்டும் முகத்தில் விழக்கூடாது. அதே இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதே சிரிப்பையும் கேளுங்கள். சிரிப்பு முழுசாக வராவிட்டாலும் கன்னம் ஏறி, கீழிமை கொஞ்சம் சுருங்கினால் போதும். கீற்று கீற்றாகக் கடன் வாங்க அந்த ஷாட்டில் இருக்கவேண்டியது அவ்வளவுதான்.